கார்பமாசெபினுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை: ‘ஆசியர்’ என்ற சொல் எவ்வளவு சொல்கிறது?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு வயது 48. ஆறு மாதமாக வலது கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வலி வந்து வந்து போகிறது. முகத்து நரம்பில் வரும் வலி என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். கார்பமாசெபின் மாத்திரைதான் முதல் மருந்தாம். ஆனால் அதைத் தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனை ஒன்று செய்துகொண்டு வரச் சொல்லிவிட்டார். “ஆசிய இனத்தவர்களில் சிலருக்கு இந்த மருந்தால் தோல் உரிந்துவிடும்” என்பது அவர் கூறிய காரணம். வீட்டில் இதுவே பெரிய வாக்குவாதமாகிவிட்டது. உயிரியல் படிக்கும் என் மகள், “மனிதரில் இனம் என்ற உயிரியல் பிரிவே கிடையாது என்று விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள், டாக்டர் பழைய காலத்து ஆள்” என்கிறாள். என் தம்பியோ, “எச்சிலைக் கொடுத்தால் எந்தக் கண்டத்து ஆள் என்று சொல்கிறார்களே, அப்புறம் எப்படி இனம் இல்லை?” என்று கேட்கிறான். வலிப்புக்காகப் பத்து வருடமாக இதே மாத்திரையைச் சாப்பிடும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் என்பதால் எனக்கும் ஆகாது என்று நினைக்கிறேன். பரிசோதனையில் ‘இருக்கிறது’ என்று வந்தால் என் தோல் உரிவது உறுதிதானா? இனம் உண்டா, இல்லையா? நான் பரிசோதனை செய்ய வேண்டுமா, வேண்டாமா?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் சரியான பரிசோதனையைத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் சற்றுத் தளர்வானது. உங்கள் மகளும் தம்பியும் ஆளுக்குப் பாதி சரி, பாதி தவறு. உங்கள் கேள்விக்கு உரிய மருந்தையும் மரபணுவையும் கையில் எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் உடலின் அநேகமாக ஒவ்வொரு செல்லும் தன்னுள் இருக்கும் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. காவல் செல்கள் அவற்றைப் பார்த்து, ‘இது நம்முடையது, இது அந்நியம்’ என்று தீர்மானிக்கின்றன. துணுக்கைத் தாங்கிக் காட்டும் கிண்ணம் போன்ற அமைப்புக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். மனித மரபணுக்களிலேயே ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுபடுபவை இந்தக் கிண்ணங்களை உருவாக்கும் மரபணுக்கள்தான். அவற்றில் ஒரு குறிப்பிட்ட வகை, பரிசோதனை அறிக்கையில் HLA-B*15:02 என்று அச்சாகி வரும். நாம் சுருக்கமாக 1502 வகை என்போம். கார்பமாசெபின் இந்த வகைக் கிண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்க்கும் காவல் செல்கள் சிலருடைய உடலில் சொந்தத் தோலையே அந்நியமாகக் கருதித் தாக்குகின்றன. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி எனப்படுவது இதுதான். வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றின் மென்சவ்வு புண்ணாகும். தோல் கொப்புளித்து உரியும். பிழைத்தவர்கள் சிலருக்குப் பார்வைக் குறை நிலைத்துவிடும். மிகத் தீவிரமான வடிவத்தில் மூவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும் என்பதால், அரிதாகவே வந்தாலும் இதை நாங்கள் அலட்சியப்படுத்துவதில்லை.

2004இல் வெளியான தைவான் ஆய்வுதான் இந்தத் தொடர்பைக் காட்டியது. கார்பமாசெபினால் இந்நோய்க்குறி வந்த 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் 1502 வகை இருந்தது. அதே மருந்தைச் சாப்பிட்டு எந்தத் தொல்லையும் இல்லாதிருந்த 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தது. மருத்துவ மரபியலில் இவ்வளவு இறுக்கமான தொடர்பு கிடைப்பது அபூர்வம். 2007ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைத் தொடங்கும் முன் இந்த வகையைச் சோதிக்கும்படி எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் மருத்துவரின் வாயில் வந்த ‘ஆசிய இனத்தவர்’ என்ற சொல்லின் மூலம் அங்கே இருக்கிறது.

‘ஆசியர்’ என்ற பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அந்த எச்சரிக்கையோடு வரும் மருந்துக் குறிப்பை நிதானமாகப் படித்தால், ‘ஆசியர்’ என்ற சொல் அதிலேயே உடைந்துபோவதைக் காணலாம். ஹாங்காங், தாய்லாந்து, மலேசியா ஆகிய இடங்களிலும் பிலிப்பைன்ஸின் சில பகுதிகளிலும் 100க்கு 15 பேருக்கு மேல் 1502 வகை காணப்படுகிறது. தைவானில் அது சுமார் 10, சீனாவின் வடபகுதியில் சுமார் 4. இந்தியர் உள்ளிட்ட தெற்காசியரில் சராசரியாக 2 முதல் 4 வரை. ஆனால் சில பிரிவினரிடம் அதைவிடக் கூடுதல். ஜப்பானிலும் கொரியாவிலும் 100க்கு ஒருவருக்கும் குறைவு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கிட்டத்தட்ட இல்லை எனலாம்.

‘மங்கோலிய இனம்’ என்று பழைய பாடப்புத்தகங்கள் ஒரே பெட்டியில் போட்ட ஜப்பானியருக்கும் தென்சீனருக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. ஒரே நாடான சீனாவுக்குள்ளேயே வடக்கும் தெற்கும் ஒன்றல்ல. இந்த மரபணுவைப் பொறுத்தவரை ஜப்பானியர் தம் ‘இனத்து’ அண்டை வீட்டாரைவிட ஐரோப்பியருக்கே அருகில் இருக்கிறார்கள். இதே மருந்துக்குத் தோல் எதிர்விளைவை உண்டாக்கும் இன்னொரு வகையும் உண்டு. HLA-A*31:01 என்று அதை எழுதுவார்கள்; நாம் 3101 வகை என்போம். 2011இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதை ஒரே சமயத்தில் வெளிக்கொண்டுவந்தன: ஒன்று ஐரோப்பியரிடம் நடந்தது, மற்றொன்று ஜப்பானியரிடம் நடந்தது. ஒரு மரபணு வகுக்கும் கோடு வேறு, மற்றொரு மரபணு வகுக்கும் கோடு வேறு. தோல் நிறத்தையும் கண் வடிவத்தையும் பார்த்து நாம் வகுத்த கோட்டோடு இரண்டுமே பொருந்துவதில்லை.

மரபியலாளர்கள் இனத்தை மட்டமான உயிரியல் அளவுகோல் என்று சொல்வதன் பொருள் இதுவே. மக்கள்கூட்டங்களுக்கிடையே பரம்பரை வேறுபாடு இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை. நான் மேலே அடுக்கிய எண்கள் எல்லாமே அத்தகைய வேறுபாடுகள்தாம். அந்த வேறுபாடுகள் நான்கைந்து பெட்டிகளாக மடிந்து அமைவதில்லை என்பதே அவர்களது கூற்று. தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு தொல்லையும் உண்டு. உயிரினம் என்பதிலும் இனம், மொழிவழிச் சமூகத்துக்கும் இனம், நிறத்தை வைத்துச் செய்த பிரிவுக்கும் இனம். உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் பாதியை இந்த ஒரே சொல்லே உண்டாக்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளின் வாதம்

உங்கள் மகள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் 1972இல் ரிச்சர்ட் லெவொன்டின் என்ற மரபியலாளர் போட்ட கணக்காக இருக்கும். ரத்த வகைகளும் ரத்தப் புரதங்களுமாக 17 மரபணுக்களை எடுத்துக்கொண்டு, மனிதரிடையே உள்ள மொத்த வேறுபாடும் எங்கே கிடக்கிறது என்று அவர் பிரித்துப் பார்த்தார். சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள் இருக்கும் ஆட்களுக்கிடையே இருந்தது. ‘இனம்’ என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் வெவ்வேறு மக்கள்கூட்டங்களுக்கிடையே சுமார் 8 விழுக்காடும், இனத்துக்கும் இனத்துக்கும் இடையே சுமார் 6 விழுக்காடும் மட்டுமே கிடைத்தன. பிறகு வந்த விரிவான ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் இருக்கின்றன. 2002இல் 52 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் 377 மரபுக் குறியீடுகளைச் சோதித்த ஆய்வில், கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு 93 முதல் 95 விழுக்காடு என்றே வந்தது.

விழுக்காடு என்றால் கைக்குப் பிடிபடாது. ரத்த வகையைப் பாருங்கள். உங்களுக்கு ரத்தம் தேவைப்படும்போது கூடப்பிறந்த தம்பியின் ரத்தம் பொருந்தாமல் போகலாம். வேறு கண்டத்தில் பிறந்த, உங்களோடு எந்த உறவும் இல்லாத ஒருவரின் ரத்தம் பொருந்தலாம். ஏ, பி, ஓ மூன்றும் உலகின் பெரும்பாலான இடங்களில் இருக்கின்றன. இடத்துக்கு இடம் மாறுவது அவற்றின் விகிதம்தான். மனித மரபணு வேறுபாடுகளில் பெரும்பங்கு இப்படிப்பட்டது.

ஆனால் இதிலிருந்து, ‘ஆகவே முன்னோர் யார் என்று கேட்பதே தவறு’ என்று உங்கள் மகள் முடிவுகட்டினால் அது சரியாகாது. பரிசோதனை வசதி இல்லாத ஒரு மருத்துவமனையில், தாய்லாந்திலிருந்து வந்த நோயாளி ஒருவருக்கு இந்த மருந்தை எழுதப்போகும் மருத்துவர், அவருடைய முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்டறிவது உயிர்காக்கும் தகவல். அவர் கேட்க வேண்டியது முன்னோர் வாழ்ந்த நிலத்தை. எந்த இனம் என்பதை அல்ல. முன்னது எவ்வளவு துல்லியமாகவும் இருக்கலாம், பல நிலங்களைக் கலந்தும் இருக்கலாம். பின்னதோ ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்கிறது.

உங்கள் தம்பியின் வாதம்

தம்பியின் கேள்வி அசட்டுக் கேள்வி அன்று. 2003இல் ஆன்டனி எட்வர்ட்ஸ் என்ற புள்ளியியல் அறிஞர் ஏறக்குறைய இதையே லெவொன்டினுக்கு எதிராக எழுப்பினார். ஒவ்வொரு மரபணுவும் தனித்தனியாக மிகக் குறைவாகவே துப்புத் தந்தாலும், நூற்றுக்கணக்கான துப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் முன்னோர் எந்தப் பகுதியினர் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். இது உண்மை.

பேச்சு வழக்கை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். ஒருவர் பேசும் ஒரேயொரு சொல்லை வைத்து அவர் ஊரைச் சொல்ல முடியாது. அரைமணி நேரம் பேசவிட்டால் காதுள்ளவர் சொல்லிவிடுவார். அதற்காக, இந்த மைல்கல் வரை ஒரு பேச்சு, அதைத் தாண்டினால் இன்னொரு பேச்சு என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஊரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாலேயே, அவர் ஒரு குறிப்பிட்ட சொல்லைப் பயன்படுத்துவாரா மாட்டாரா என்று சொல்லிவிட முடியாது. உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்: 1502 வகை இருக்கிறதா, இல்லையா? எச்சில் சோதனை ஊரைச் சொல்லலாம்; அந்தச் சொல்லைச் சொல்லாது.

மேலே சொன்ன 2002 ஆய்வையே இனப் பெட்டிகளுக்குச் சான்றாகப் பலர் காட்டுவதுண்டு. அதில் பயன்பட்ட கணினி முறையிடம் எத்தனை தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும். ஐந்து என்று சொன்னபோது ஏறக்குறைய பெரிய நிலப்பகுதிகளின்படி பிரிந்தது; ஆறு என்று சொன்னபோது ஆறாவதாகப் பிரிந்து நின்றது, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைகளில் வாழும் கலாஷ் என்ற சிறிய சமூகம். ஐந்தாவதை ‘இனம்’ என்று ஒப்புக்கொள்பவர் ஆறாவதை ஏன் ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு மரபணுவில் விடை கிடையாது. கடல், பாலைவனம், உயர்ந்த மலைத்தொடர் குறுக்கிடும் இடங்களில் வேறுபாடு சிறு படிபோல ஏறுவது உண்மைதான்; மற்ற இடங்களில் அது சரிவாகவே போகிறது. மேலும், ‘கறுப்பினம்’ என்று ஒரே பெயரிட்ட ஆப்பிரிக்காவில்தான் உலகிலேயே அதிகமான மரபணுப் பன்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் சான் மக்களின் கிளை, பிற ஆப்பிரிக்கரின் கிளையிலிருந்து பிரிந்தது, ஆசியரும் ஐரோப்பியரும் ஆப்பிரிக்கக் கிளைகளிலிருந்து பிரிந்ததற்கும் முந்தையது. மரத்தின் கிளைகளைப் பார்த்துப் பெயர் வைப்பதாயிருந்தால் நாம் வைத்த பெயர்கள் வந்திரா.

தம்பிக்கு ஆகாதது உங்களுக்கும் ஆகாதா

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி இதுதான். எச்.எல்.ஏ. மரபணுக்கள் குரோமோசோமில் நெருங்கிக் கிடப்பதால் பெரும்பாலும் ஒரு கட்டாகவே தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகின்றன. கூடப்பிறந்த இருவருக்கு இரண்டு கட்டுகளுமே ஒன்றாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஆகவே தம்பியிடம் இல்லாத 1502 வகை உங்களிடம் இருக்கலாம். அவரிடமும் அது இருந்து, நோய்க்குறி மட்டும் வராமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அவருடைய பத்தாண்டு அனுபவம் அவரைப் பொறுத்தவரை நல்ல செய்தி: இந்த எதிர்விளைவு பெரும்பாலும் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் வருவது என்பதால், அவர் இப்போது பயந்து மருந்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். உங்களைப் பொறுத்தவரை அந்த அனுபவத்துக்குச் சான்றுமதிப்பு இல்லை.

‘இருக்கிறது’ என்று வந்தால்

தோல் உரிவது உறுதி என்று பொருளல்ல. தைவானில் 4,877 பேருக்கு மருந்தைத் தொடங்கும் முன் பரிசோதனை செய்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 370 பேரிடம் 1502 வகை இருந்தது. அவர்களுக்குக் கார்பமாசெபினைத் தவிர்த்தார்கள். மற்றவர்களில் ஒருவருக்குக்கூட ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி வரவில்லை. பழைய நிலவரப்படி, சோதிக்காமல் கொடுத்திருந்தால் சுமார் 10 பேருக்கு அது வந்திருக்கும். அந்தப் பத்தும் இந்த 370 பேரிலிருந்தே வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த வகை உள்ளவர்களிலும் 100க்கு மூன்று பேர் அளவில்தான் பாதிப்பு. மீதி 97 பேர் தப்பித்திருப்பார்கள். மரபணு இங்கே கதவைத் திறந்துவிடுகிறது. அதனுள் நோய் நுழைய வேறு சிலவும் கூடிவர வேண்டும். ஆனால் அந்த மூவரில் ஒருவராக இருப்பதன் விலை மிகக் கடுமையானது, மாற்று மருந்துகளும் இருக்கின்றன. ஆகவே ‘இருக்கிறது’ என்று வந்தால் இந்த மருந்து வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஒரு நகல் இருந்தாலே போதும், இரண்டு தேவையில்லை.

அப்படி வந்தால், ஆக்ஸ்கார்பசெபினுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அது கார்பமாசெபினின் நெருங்கிய உறவு. இதே ஆபத்து அதற்கும் உண்டு. ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தையும் 1502 வகை உள்ளவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது. முகநரம்பு வலிக்குக் காபாபென்டின், பாக்லோஃபென் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. அவை கார்பமாசெபின் அளவுக்குக் கேட்காமல் போகலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

‘இல்லை’ என்று வந்தால் மருந்தைத் தொடங்கலாம். ஆனால் அந்தத் தாளை முழு உத்தரவாதமாகக் கொள்ளாதீர்கள். 3101 போன்ற பிற வகைகள் உண்டு. சாதாரணத் தடிப்பு எவருக்கும் வரலாம். முதல் மூன்று மாதங்களில் காய்ச்சலோடு தொண்டை வலி, கண் எரிச்சல், வாய்ப்புண், தொட்டால் வலிக்கும் சிவந்த தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ‘சாதாரண அம்மையாக இருக்கும்’ என்று இரண்டு நாள் காத்திருந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாள் பெரிய வித்தியாசம் செய்துவிடுகிறது.

பரிசோதனைக்கு ஒரு சிறு குப்பி ரத்தம் போதும்; வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் செல்லும் ஆய்வகம் 1502 வகையை மட்டும் பார்க்கிறதா, 3101ஐயும் சேர்த்துப் பார்க்கிறதா என்று விசாரியுங்கள். வசதி இருந்தால் இரண்டையும் பாருங்கள். முடிவு வாழ்நாளில் மாறாது என்பதால் அறிக்கையின் நகலைப் பிற மருத்துவத் தாள்களோடு வைத்திருங்கள். உங்களிடம் ‘இருக்கிறது’ என்று வந்தால், உங்கள் மகளிடமும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவள் இப்போதே சோதித்துக்கொள்ள வேண்டியதில்லை. என்றாவது ஒருநாள் இந்த மருந்துகளில் ஒன்றை அவளுக்கு எழுத நேர்ந்தால், எழுதுகிற மருத்துவரிடம் ‘நான் ஆசியர்’ என்று சொல்வதைக் காட்டிலும் ‘என் அப்பாவின் அறிக்கை இது’ என்று நீட்டுவது பல மடங்கு பயன்படும்.